நிஃப்டி உச்சத்தில், மற்ற பங்குகள் எங்கே?

2018 ஆகஸ்ட் 28 அன்று நிஃப்டி 11,738 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை காணாத உயரம் அது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் தொட்ட 11,130 என்ற உச்சத்தைவிட அறுநூறு புள்ளிகள் அதிகம். ஆனால் நடுத்தர நிறுவனங்களுக்கான நிஃப்டி மிட்கேப் 100 குறியீடும், சிறு நிறுவனங்களுக்கான ஸ்மால்கேப் 100 குறியீடும் தங்கள் ஜனவரி உயரத்துக்குக் கீழேதான் நின்றன. "மார்க்கெட் உச்சத்துல இருக்குங்கிறாங்க, நான் வெச்சிருக்கிற பங்கெல்லாம் ஏன் இறங்கியே கிடக்கு?" என்று கேட்காத சிறு முதலீட்டாளரே அப்போது இல்லை எனலாம்.

அந்த ஆண்டு முடிந்தபோது கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிஃப்டி ஆண்டு முழுவதற்கும் 3 சதவீதம் ஏறியிருந்தது. மிட்கேப் 100 சுமார் 15 சதவீதமும், ஸ்மால்கேப் 100 சுமார் 29 சதவீதமும் இறங்கியிருந்தன. ஒரே சந்தை, ஒரே ஆண்டு. இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. நிஃப்டி சொல்வது ஐம்பது பெரிய நிறுவனங்களின் கதையை. அதிலும் ஐம்பதின் கதையைச் சரிசமமாகச் சொல்வதில்லை.

நிஃப்டியில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் சந்தை மதிப்பைப் பொறுத்து எடை உண்டு. நிறுவனர் குடும்பமும் அரசும் கையில் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, பொதுவில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டும் எடுத்து இந்த எடையைக் கணக்கிடுகிறார்கள். ரிலையன்ஸ், எச்டிஎஃப்சி வங்கி போன்றவற்றின் எடை, பட்டியலின் அடியில் இருக்கும் நிறுவனத்தின் எடையைப் போலப் பல மடங்கு. முதல் பத்து நிறுவனங்களே மொத்த எடையில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 40 சதவீத எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தும் ஒரு நாளில் 3 சதவீதம் ஏறுகின்றன. மீதி நாற்பத்தைந்தும் சராசரியாக 1 சதவீதம் இறங்குகின்றன. ஐந்து பங்குகள் குறியீட்டுக்குக் கொடுத்தது 1.2 சதவீதம். நாற்பத்தைந்து பங்குகள் அதிலிருந்து எடுத்தது 0.6 சதவீதம். முடிவில் குறியீடு 0.6 சதவீதம் மேலே. நிஃப்டி 24,000த்தில் இருந்தால் அது 144 புள்ளி ஏற்றம். மாலைச் செய்தியில் பச்சை நிறத்தில் வரும். ஐம்பதில் நாற்பத்தைந்து பங்குகள் அன்று நஷ்டத்தில் முடிந்தன என்பதைக் குறியீட்டைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி, எடையை மறந்துவிட்டுத் தலையை எண்ணுவது. இன்று எத்தனை பங்குகள் நேற்றைய முடிவு விலைக்கு மேலே முடிந்தன, எத்தனை கீழே முடிந்தன? சந்தையில் இதை அட்வான்ஸ்–டிக்ளைன் என்கிறார்கள். தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் தினமும் இந்த எண்ணிக்கையை வெளியிடுகின்றன. வர்த்தகப் பத்திரிகைகளில் ஒரு மூலையில் சின்னதாக வரும். இந்த எண்ணிக்கையில் ரிலையன்ஸும் ஒன்று, கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு சிறு கம்பெனியும் ஒன்று.

ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஏறியவற்றிலிருந்து இறங்கியவற்றைக் கழித்து, அந்த மிச்சத்தை முந்தைய நாள் கூட்டுத்தொகையோடு தினமும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கிடைக்கும் கோடுதான் அட்வான்ஸ்–டிக்ளைன் கோடு.

மீண்டும் கற்பனை எண்களில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்களன்று 1,250 பங்குகள் ஏறின, 700 இறங்கின, மிச்சம் 550. கோட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அன்று 550இல் நிற்கும். செவ்வாயன்று 900 ஏற்றம், 1,050 இறக்கம். 150 குறைந்து கோடு 400க்கு வருகிறது. புதனன்று 800க்கு 1,150; கோடு 50. வியாழனன்று 850க்கு 1,100. பூஜ்யத்துக்குக் கீழே போய் −200. வெள்ளியன்று 775க்கு 1,175, கோடு −600. இந்தப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நிஃப்டி ஏறியிருந்தால்? சில கனமான பங்குகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, கூட்டம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குறியீடு ஒரு பக்கமும் இந்தக் கோடு எதிர்ப்பக்கமும் போவதைத்தான் டைவர்ஜென்ஸ் என்று சொல்கிறார்கள். கோடு −600இல் இருக்கிறதா, +6,000இல் இருக்கிறதா என்பதற்கு அர்த்தம் இல்லை. அது நாம் எந்த நாளில் எண்ணத் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. கோட்டின் திசைதான் செய்தி. அதிலும் மூன்று நாள் விலகல் சாதாரணம், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குறியீடு புதிய உச்சத்துக்குப் போய், கோடு மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழைய உச்சத்தைத் தொட மறுத்தால் அப்போது கவனிக்க வேண்டும்.

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். தேசியப் பங்குச் சந்தை தன் இணையதளத்தில் தினமும் மாலை 'பாவ்காப்பி' என்ற விலைப்பட்டியல் கோப்பை இலவசமாகத் தருகிறது. அன்று வியாபாரமான ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி. விநியோகத் தகவலோடு வரும் முழுக் கோப்பில் PREV_CLOSE என்று ஒரு பத்தியும் CLOSE_PRICE என்று ஒரு பத்தியும் இருக்கும். இரண்டாவது பெரிதென்றால் ஏற்றம், சிறிதென்றால் இறக்கம். ஆனால் கோப்பை அப்படியே எண்ணினால் கணக்கு தவறும். அதில் கடன் பத்திரங்களும் இருக்கும். SERIES என்ற பத்தியில் EQ என்றுள்ள வரிகளை மட்டும் எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை விலகிவிடும். அப்படியும் தங்கம், நிஃப்டி ஆகியவற்றைப் பின்தொடரும் ஈ.டி.எஃப்.கள் EQ என்ற பெயரிலேயே உள்ளே இருக்கும். நிஃப்டி ஏறும் நாளில் நிஃப்டி ஈ.டி.எஃப்.கள் எல்லாம் ஏறும். அவற்றையும் எண்ணினால், எந்தக் குறியீட்டைச் சோதிக்கிறோமோ அதையே பலமுறை சாட்சிக்குக் கூப்பிட்டது போலாகும். நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் நாமே ஒப்பிடுவதாக இருந்தால், போனஸோ பங்குப் பிரிப்போ நடந்த நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த பங்கின் விலை மறுநாள் பாதியாகத் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் நம் கணக்கில் அது இறக்கமாக விழும்.

மொத்தச் சந்தையையும் எண்ணுவதைவிட நிஃப்டி 500இல் உள்ள பங்குகளை மட்டும் எண்ணுவதே நல்லது என்பது என் கருத்து. அடிமட்டத்தில் நாளைக்குச் சில லட்ச ரூபாய்க்கு மட்டும் வியாபாரமாகி, மேல் சர்க்யூட்டிலோ கீழ் சர்க்யூட்டிலோ பூட்டிக் கிடக்கும் பங்குகள் பல உண்டு. அவை ஏறுவதும் இறங்குவதும் முதலீட்டுப் பணத்தின் போக்கைக் காட்டுவதில்லை. கோப்பு, கணக்கு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் என்றொரு குறியீடு இருக்கிறது. அதே ஐம்பது நிறுவனங்கள், எல்லாவற்றுக்கும் சம எடை. நிஃப்டி மேலே போக இது பின்தங்கினால், நிஃப்டிக்குள்ளேயே ஏற்றம் குறுகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஏறுகிறவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. 2018இன் கதை உண்மையில் அங்கேதான் விளங்குகிறது.

அந்த ஆண்டு துறைவாரிக் குறியீடுகளில் நிஃப்டி ஐடி சுமார் 24 சதவீதம் ஏறியது. எஃப்.எம்.சி.ஜி., அதாவது சோப்பு, பிஸ்கட், சிகரெட் போன்ற அன்றாட நுகர்பொருள் துறை, சுமார் 13 சதவீதம் ஏறியது. வாகனத் துறை 20 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. உலோகம், பொதுத்துறை வங்கி இரண்டும் கனமாகவே அடிவாங்கின. ஐடி ஏறியதற்கு ஒரு முக்கியக் காரணம் ரூபாய் சரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டாலர் 74 ரூபாயைத் தாண்டியது. டாலரில் சம்பாதிக்கும் கம்பெனிகளுக்கு அது லாபம். நுகர்பொருள் ஏறியதற்குக் காரணம், நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போனாலும் சோப்பு விற்கும் என்ற நம்பிக்கை. வண்டி வாங்குவதும், இரும்பு உருக்குவதும், வங்கி கடன் கொடுப்பதும் அப்படியல்ல. வருமானம் உயரும் என்று மக்கள் நம்பும்போதுதான் அவை செழிக்கும். ஆக, பணம் அந்த ஆண்டு வளர்ச்சியை நம்பி வாங்கவில்லை, ஒதுங்க இடம் தேடி வாங்கியது. குறியீடு உச்சத்துக்குப் போகும்போது முன்னே நிற்பவை இப்படிப்பட்ட தற்காப்புத் துறைகளாக இருந்தால், அந்த உச்சத்தை நான் அரைமனதோடுதான் பார்ப்பேன்.

சிறு பங்குகள் இப்படி விழ அவற்றுக்கேயான காரணங்களும் இருந்தன. 2017இல் மிட்கேப் 100 ஏறத்தாழ 47 சதவீதமும் ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 57 சதவீதமும் ஏறியிருந்தன. விலை ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தது. 2017 அக்டோபரில் செபி மியூச்சுவல் ஃபண்டுகளை வகைபிரித்தது: சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்கள் பெரியவை, 101 முதல் 250 வரை நடுத்தரம், அதற்குக் கீழே சிறியவை. பெரிய நிறுவன ஃபண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டால் 80 சதவீதமாவது முதல் நூறில் இருக்க வேண்டும். அதுவரை பெரிய நிறுவன ஃபண்டுக்குள் சிறு பங்குகளையும் கலந்து வைத்திருந்தவர்கள் அவற்றை விற்க வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு மீண்டும் வரி வந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறிய விஷயம். சேர்ந்தபோது சிறு பங்குகளை வாங்க ஆள் குறைந்தது.

உச்சம் தொட்ட சில வாரங்களில் ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்தது பெரிதாக வெடித்தது. செப்டம்பர் 21 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அக்டோபர் இறுதியில் நிஃப்டியே 10,030க்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் உச்சத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து சதவீத வீழ்ச்சி. பரப்பு குறைந்த ஏற்றம் ஐ.எல்.&எஃப்.எஸ்.ஸை முன்கூட்டியே கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். குறியீட்டைத் தாங்கியவை கொஞ்சம் பங்குகள்தான் என்பதால், கெட்ட செய்தி வந்து அவற்றையும் விற்கத் தொடங்கியபோது தாங்கிப்பிடிக்க வேறு பங்குகள் இல்லை. அவை ஏற்கெனவே தரையில் கிடந்தன.

2019இலும் இதே கதை தொடர்ந்தது. நவம்பர் இறுதியில் ரிலையன்ஸ் பத்து லட்சம் கோடி ரூபாய் சந்தை மதிப்பைத் தொட்ட முதல் இந்திய நிறுவனமானது. அந்த ஆண்டு நிஃப்டி 12 சதவீதம் ஏற, மிட்கேப் 100 சுமார் 4 சதவீதமும் ஸ்மால்கேப் 100 பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கின.

இதற்கு நேரெதிரான காட்சி 2020இல் வந்தது. மார்ச் 23 அன்று கொரோனா பீதியில் நிஃப்டி 7,610க்கு விழுந்தது. மீட்சியை முதலில் முன்னெடுத்தவை மருந்துத் துறையும் ஐடியும். நோயின் நடுவில் மருந்து விற்கும், வீட்டிலிருந்து வேலை செய்ய மென்பொருள் வேண்டும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. வங்கிகளை யாரும் சீண்டவில்லை. தவணை கட்ட விலக்குக் கொடுத்த காலம் அது, எவ்வளவு கடன் வாராக்கடனாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. நிஃப்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை நிதித் துறைக்கு இருக்கும்போது, அது பின்தங்கிய மீட்சியை முழு மீட்சி என்று சொல்ல முடியாது.

2020 நவம்பர் 9 அன்று நிஃப்டி ஜனவரி உச்சத்தைத் தாண்டிப் புதிய உச்சத்தில் முடிந்தது. அன்று மாலை, நம் சந்தை மூடிய பிறகு, ஃபைசர் தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. மறுநாள் வங்கிக் குறியீடு சுமார் 4 சதவீதம் தாவியது. அதே நாளில் மருந்தும் ஐடியும் சரிந்தன. மாதக்கணக்கில் முன்னே நின்றவற்றை விற்று, பின்னே நின்றவற்றை வாங்கியிருக்கிறார்கள். செக்டார் ரொட்டேஷன் என்று சந்தையில் சொல்வது இதைத்தான். பொதுவாக மாதங்களில் நடப்பது, அன்று ஒரே பகலில் கண்ணெதிரே நடந்தது.

இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தலைமை கைமாறியபோதும் நிஃப்டி இறங்கவில்லை என்பது. நவம்பர் 10 அன்றும் அது ஏறித்தான் முடிந்தது. பழைய தலைவர்களை விற்ற பணம் சந்தையை விட்டு வெளியே போகாமல் இன்னொரு துறைக்குள் போனால், ஏற்றத்துக்கு ஆயுள் நீள்கிறது. அடுத்த ஆண்டு அது அப்படியே நடந்தது. 2021இல் நிஃப்டி 24 சதவீதம் ஏறியது. மிட்கேப் 100 சுமார் 46 சதவீதம், ஸ்மால்கேப் 100 சுமார் 59 சதவீதம். 2018இல் தரையில் கிடந்த உலோகத் துறை அந்த ஆண்டு எழுபது சதவீதத்தை ஒட்டி ஏறியது. இதுதான் பரவலான ஏற்றம்.

ரொட்டேஷனைக் கவனிக்கவும் ஒரு எளிய கணக்கு உண்டு. துறைக் குறியீட்டை நிஃப்டியால் வகுத்து, அந்த விகிதத்தை வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டு வர வேண்டும். விகிதம் ஏறினால் அந்தத் துறை சந்தையை முந்துகிறது. வங்கிக் குறியீட்டின் மதிப்பு ஏறியிருக்கலாம், ஆனால் நிஃப்டி அதைவிட வேகமாக ஏறியிருந்தால் விகிதம் இறங்கும். அப்போது வங்கி பின்தங்குகிறது என்றே பொருள். இந்த விகிதத்தை ஏழெட்டுத் துறைகளுக்குப் போட்டால், எத்தனை துறைகள் மாறிமாறி முன்னே வருகின்றன, எத்தனை துறைகள் மாதக்கணக்கில் கீழேயே கிடக்கின்றன என்பது ஒரு தாளில் தெரிந்துவிடும். பலர் செய்யும் தவறு, சென்ற மூன்று மாதம் முன்னே வந்த துறையைப் பார்த்து இப்போது அதற்குள் பாய்வது. 2020 அக்டோபர் இறுதியில் மருந்துப் பங்கை வாங்கியவருக்கு நவம்பர் 10 என்ன செய்தது என்று யோசித்தால் போதும். இந்தக் கணக்கு சந்தையின் உடல்நிலையைச் சொல்லும். அடுத்த வாரம் எந்தத் துறை ஏறும் என்று சொல்லாது.

எப்போது விழும் என்றும் சொல்லாது. அமெரிக்காவில் நியூயார்க் பங்குச் சந்தையின் அட்வான்ஸ்–டிக்ளைன் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. எஸ்&பி 500 குறியீடு உச்சம் தொட்டது 2000 மார்ச்சில். நடுவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சில பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளின் பலத்திலேயே குறியீடு ஏறிக்கொண்டிருந்தது. 1998லேயே விற்றுவிட்டு வெளியேறியவர் அந்த இரண்டு ஆண்டு லாபத்தை இழந்திருப்பார். எச்சரிக்கை சரிதான், ஆனால் அதில் தேதி எழுதியிருக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரியில் நம் சந்தையில் நிலைமை சீராவதுபோலத் தெரிந்தது. நிஃப்டி தள்ளாடினாலும், இரண்டு ஆண்டுகள் அடிவாங்கிய நடுத்தர, சிறு பங்குகள் எழத் தொடங்கியிருந்தன. பரப்பு விரிகிறது, நல்ல அறிகுறி என்று படித்திருந்தால் அதில் தவறில்லை. இரண்டு மாதத்தில் கொரோனா எல்லாவற்றையும் சேர்த்து வீழ்த்தியது. சந்தைக்கு வெளியேயிருந்து வரும் இடியை உள்ளேயிருக்கும் எண்ணிக்கை முன்கூட்டிக் காட்டாது. அதேபோல, பரவலாக ஏறுகிறது என்பதால் விலை நியாயமானது என்றும் ஆகாது. 2017இல் ஏற்றம் மிகப் பரவலாக இருந்தது, தெருக்கோடி கம்பெனியின் பங்குகூட ஏறியது. அந்தப் பரவலே மறு ஆண்டு சிறு பங்குகள் விழுவதற்கான உயரத்தைக் கட்டிக்கொடுத்தது. பரப்பு, எத்தனை பங்குகள் ஏறுகின்றன என்பதை மட்டும் சொல்லும். அவை ஏறிய விலைக்குத் தகுதியானவையா என்று பார்க்க லாபக் கணக்கைத்தான் திறக்க வேண்டும்.

நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுகிறவருக்கு இந்த எண்ணிக்கையால் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஐந்து பங்கு ஏற்றினாலும் ஐம்பது பங்கு ஏற்றினாலும் குறியீட்டின் லாபம் அவருக்கு வந்துவிடும். தானே பங்குகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பவருக்கும், மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டில் போட்டிருப்பவருக்கும்தான் இது மிகவும் தேவை. 2018, 2019 இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிஃப்டி ஏறத்தாழ 15 சதவீதம் ஏறியிருந்தது. ஸ்மால்கேப் 100 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தது. அந்த நாளில் தன் ஸ்மால்கேப் ஃபண்டை நிஃப்டியோடு ஒப்பிட்டு, ஃபண்ட் மேலாளர் சரியில்லை என்று கோபித்துக்கொண்டு நஷ்டத்தில் விற்றவர்கள் பலர். ஒப்பிட வேண்டியது ஸ்மால்கேப் குறியீட்டோடு. ஸ்மால்கேப் 100 முப்பத்தைந்து சதவீதம் இறங்கிய காலத்தில் இருபது சதவீதம் மட்டும் இறங்கிய ஃபண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஐம்பது சதவீதம் இறங்கியதென்றால் அந்த மேலாளரைக் கேள்வி கேட்க வேண்டியதுதான்.